நல்ல வேலையை ஏன் விட்டுப் போனார்கள்? – கல்லோயா அமைப்பாளர்களும் இரண்டு ஊக்குவிப்புக் கோட்பாடுகளும்

போரினாலோ 2004ஆம் ஆண்டுக் கடல்கோளினாலோ இடம்பெயர்ந்து, முகாமிலும் பின்னர் புதிய குடியிருப்பிலும் வாழ்ந்த எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஒரு திட்டத்தின் கீழ் ஒரு பிள்ளை வேலைக்கு வருவார். படித்தவர், உற்சாகமானவர். வீடு வீடாகச் சென்று பேசுவார், சங்கம் அமைப்பார். நாமும் அவரை நம் வீட்டுப் பிள்ளையாக எண்ணத் தொடங்குவோம். ஒன்றரை வருடத்தில் ஒருநாள், "எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, அக்கா" என்று சொல்லிப் போய்விடுவார். அவருக்கு இந்த வேலை பிடிக்கவில்லையா? பிடித்திருந்தது. பிடித்த வேலையை ஒருவர் ஏன் விடுகிறார் என்ற கேள்விக்கு முகாமைத்துவப் பாடநூல்கள் இரண்டு விதமாக விடை சொல்கின்றன. அவற்றை நமது தண்ணீரோடு தொடர்புடைய ஒரு கதையில் வைத்துப் பார்ப்போம்.

கல்லோயாவை நம்மவர்கள் பட்டிப்பளை ஆறு என்பார்கள். இங்கினியாகலையில் அதை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து இடதுகரைப் பெருவாய்க்கால் புறப்படுகிறது. மேல் பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகள். 1970களின் இறுதியில் இந்த இடதுகரை நாட்டின் மிக மோசமான நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்றாகப் பெயர் எடுத்திருந்தது. வாய்க்கால்கள் ஆண்டுக்கணக்கில் துப்புரவாக்கப்படவில்லை. துருசுகள் உடைந்து கிடந்தன. மேலே இருப்பவர் இரவில் தண்ணீரைத் திருப்பிக்கொள்வார். கீழே இருப்பவர் சிறுபோகத்தில் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அமெரிக்க அரசின் உதவியுடன் புனரமைப்பு வேலை தொடங்கியபோது, கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு புது முயற்சி செய்தன. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற இளைஞர்களையும் யுவதிகளையும் அமைப்பாளர்களாகப் பயிற்றி, 1981ஆம் ஆண்டில் வாய்க்கால் ஓரக் கிராமங்களிலேயே குடியிருக்க அனுப்பின. அவர்களுக்கு ஒரு விதி இருந்தது. போன உடனே சங்கம் அமைத்துத் தலைவர், செயலாளர் என்று பதவி கொடுக்கக் கூடாது. முதலில் ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து, இருபது பேருடன் பேச வேண்டும். அவர்களே ஒரு பிரச்சினையைத் தெரிந்து, அதை அவர்களே தீர்க்க வேண்டும். வேலை நடந்த பிறகு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒருவரைப் பிரதிநிதியாக ஏற்கலாம். அந்தப் பிரதிநிதிகள் கிளை வாய்க்கால் மட்டத்தில் கூடுவார்கள். அதற்கு மேல் பிரதேச மட்டத்திலும், முடிவில் பொறியியலாளர்கள் இருக்கும் திட்டக் குழுவிலும் விவசாயிகளுக்கு இடம் கிடைத்தது.

அந்தச் சிறுபோகத்தில் குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் வெட்டுக்குத்துதான் வரும் என்று எவரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. சில வாரங்களுக்குள் பெரும்பாலான வாய்க்கால்களில் விவசாயிகள் கூலியின்றித் துப்புரவு செய்தார்கள். முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். சில இடங்களில் மேல்பகுதியார் தம் பங்கில் மிச்சம் பிடித்துக் கீழே அனுப்பினார்கள். அந்தத் தண்ணீர் தமிழ் விவசாயிகளின் வயல்களுக்கும் போனது. இந்த விபரங்களைக் கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொப் 1992இல் ஒரு நூலாக எழுதியுள்ளார்.

இனிக் கோட்பாடுகளுக்கு வருவோம்.

ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1943இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதனின் தேவைகள் படிகள் போல அமைந்துள்ளன என்றார் அவர். அடிப்படியில் உணவு, நீர், உறக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு. பிறகு அன்பும் உறவும். பிறகு மதிப்பு. உச்சியில், தன்னால் ஆகக்கூடியதை ஆகிப் பார்க்கும் ஆசை. கீழ்ப்படித் தேவை ஓரளவு நிறைந்த பிறகே மேல்படித் தேவை ஒருவரை இழுக்கத் தொடங்கும். வயிறு நிறைந்தவனுக்குச் சோறு காட்டி வேலை வாங்க முடியாது. அவனுக்கு இப்போது வேண்டியது வேறு. தேவைப் படிநிலை என்று பாடசாலைப் பிள்ளைகள் படிப்பது இதைத்தான். (பாடநூலில் இருக்கும் முக்கோணப் படத்தை மாஸ்லோ வரையவில்லை, பின்வந்தவர்கள் வரைந்தார்கள்.)

பிரடெரிக் ஹேர்ஸ்பேர்க் வேறு வழியில் போனார். அவரும் இரு துணை ஆய்வாளர்களும் பிற்ஸ்பேர்க் நகரப் பகுதியில் சுமார் இருநூறு பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, ஒவ்வொருவரிடமும் இரண்டு கதைகள் கேட்டார்கள். வேலையில் மனம் மிக மகிழ்ந்த ஒரு காலத்தைச் சொல்லுங்கள். மனம் மிகக் கசந்த ஒரு காலத்தைச் சொல்லுங்கள். 1959இல் வெளிவந்த அவர்களுடைய நூலின் முடிவு பலரை வியக்க வைத்தது. மகிழ்ந்த கதைகளில் வந்தவை ஒரு வேலையை முடித்துக் காட்டியது, பிறர் அதை மதித்தது, பொறுப்புக் கிடைத்தது, வேலையே சுவையாக இருந்தது போன்றவை. கசந்த கதைகளில் வந்தவை நிர்வாக விதிகள், மேலதிகாரியின் நடத்தை, வேலைச் சூழல், சம்பளம், உத்தியோகம் நிலைக்குமா என்ற அச்சம். முதலாவதை ஊக்குவிப்புக் காரணிகள் என்றும், இரண்டாவதைச் சுகாதாரக் காரணிகள் என்றும் அவர் அழைத்தார்.

சுகாதாரம் என்ற பெயர் ஏன் என்பதை முகாமில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மலசலகூடம் கட்டி, கிணற்றுக்குக் குளோரின் போட்டால் வயிற்றோட்டம் வராது. ஆனால் அதனால் மட்டும் உடம்பில் பலம் ஏறாது; அதற்கு உணவு வேண்டும். அதேபோல, எத்தனை நல்ல உணவு கொடுத்தாலும் கிணறு கெட்டிருந்தால் நோய் வரும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

மாஸ்லோவுக்கும் ஹேர்ஸ்பேர்க்குக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மாஸ்லோவிடம் இருப்பது ஒரே ஏணி. ஹேர்ஸ்பேர்க்கிடம் இருப்பவை இரண்டு வாய்க்கால்கள். சம்பளத்தைக் கூட்டினால் முறைப்பாடு நிற்கும், ஆர்வம் பிறக்காது. ஆர்வத்தைத் தூண்டினாலும் சம்பளக் குறையின் கசப்பு அப்படியே இருக்கும்.

இப்போது அமைப்பாளர்களைப் பாருங்கள். அவர்களுடைய வேலையில் ஊக்குவிப்புக் காரணிகள் நிறைய இருந்தன. தாம் தங்கிய கிராமத்தின் வாய்க்காலில் அதே போகத்தில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் கண்டார்கள். விவசாயிகள் அவர்களைத் தம்பி, தங்கை என்று மதித்தார்கள். எதை எப்போது செய்வது என்று தாமே தீர்மானித்தார்கள். ஆனால் அவர்களது நியமனம் தற்காலிகமானது. நிரந்தரப் பதவி இல்லை. அரசாங்கம் பட்டதாரிகளுக்கு ஆசிரியர் நியமனம் கொடுத்தபோது ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். திட்டம் புதியவர்களைத் திரும்பத் திரும்பத் தெரிந்து பயிற்ற வேண்டியிருந்தது. ஒருவர் கிராமத்தில் பெற்ற நம்பிக்கை அவரோடு போய்விடும். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாஸ்லோவும் இதை விளக்குவார்: பாதுகாப்பு என்ற கீழ்ப்படி ஆடியது, அதனால் இறங்கிப் போனார்கள் என்பார். ஆனால் அவர்கள் போவதற்கு முன்பு, கீழ்ப்படி ஆடிக்கொண்டிருந்தபோதே, இரவு பகல் பாராது உழைத்தார்களே! ஏணிக் கணக்கில் அது சரிவராது. ஹேர்ஸ்பேர்க்கின் கணக்கில் சரிவரும். ஆர்வமும் கசப்பும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். ஆர்வம் அவரை உழைக்க வைக்கிறது. கசப்பு அவரை வெளியே தள்ளுகிறது. எனவே நன்றாக உழைக்கிறார் என்பதை வைத்து, இவர் இருப்பார் என்று எண்ண முடியாது. ஒரு சங்கத்தின் களஞ்சியக்காரருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருக்கும்போது ஆண்டுக் கூட்டத்தில் மாலை போடுவதாலும் பயன் இல்லை. மாலையை அவர் மகிழ்ச்சியோடுதான் வாங்குவார். பாக்கி பாக்கியாகவே இருக்கும்.

விவசாயிகள் பக்கத்திலோ இரு கோட்பாடுகளும் சற்றுத் தடுமாறுகின்றன. தண்ணீர் மிகக் குறைந்த வருடத்தில், அதாவது அடிப்படியே ஆபத்தில் இருந்தபோது, அவர்கள் உறவுக்கும் மதிப்புக்கும் உரிய செயலைச் செய்தார்கள். மாஸ்லோவுக்கு நியாயம் செய்வதானால், படிகளின் ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்றல்ல என்று அவரே எழுதியிருந்தார். கடைப்பகுதி விவசாயிக்கு ஒற்றுமை என்பது சோற்றுக்கான வழியும்கூட. மேல்பகுதியில் இருந்தவருக்கு அப்படியல்ல. தண்ணீர் அவர் வயலைத் தாண்டித்தான் போகிறது, கொடுக்காமலே அவர் விளைவித்திருக்கலாம். கொடுத்ததை ஏணியால் விளக்குவது கடினம். ஹேர்ஸ்பேர்க்கோ சம்பளத்துக்கு வேலை செய்தவர்களைத்தான் ஆராய்ந்தார். சொந்த வயலில் நிற்பவரிடம் அவர் கேட்கவில்லை. ஆயினும் கூலி கொடுக்காமலே துப்புரவு நடந்தது, பிரச்சினையைத் தெரிந்ததும் தீர்த்ததும் அவர்களே என்பவை அவருடைய பட்டியலோடு நன்றாகப் பொருந்துகின்றன.

உங்கள் சங்கத்தில் இதைப் பார்க்க விரும்பினால், ஹேர்ஸ்பேர்க்கின் இரண்டு கேள்விகளே போதும். வேலை செய்பவரைத் தனியாக அமர்த்தி, நல்ல காலத்தையும் கெட்ட காலத்தையும் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். "சம்பளம் போதுமா?" என்று நேரே கேட்டால் எவரும் போதாது என்றே சொல்வார். ஓர் எச்சரிக்கை உண்டு. நல்லது நடந்தால் என் திறமை, கெட்டது நடந்தால் நிர்வாகத்தின் பிழை என்பது மனித இயல்பு. இந்தக் குறை ஹேர்ஸ்பேர்க்கின் முடிவிலும் கலந்திருக்கிறது என்று பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே கதையை மட்டும் நம்பாமல், கடந்த சில வருடங்களில் யார் யார் விலகினார்கள், எங்கே போனார்கள் என்பதையும் எழுதிப் பாருங்கள். எல்லோரும் நிரந்தர வேலைக்கே போயிருந்தால் ஒரு விடை. சம்பளம் குறைந்த இடத்துக்கும் போயிருந்தால் வேறொரு விடை. முன்னதற்குப் பயிற்சி வகுப்பும் பாராட்டும் மருந்தல்ல. பின்னதில், அவர் கையில் என்ன பொறுப்பு இருந்தது, ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்று பார்க்க வேண்டும்.

கல்லோயாவில் அமைப்பாளர்கள் போன பிறகும் விவசாயிகளின் அமைப்புகள் நின்றன. 1997 சிறுபோகத்தில் குளத்தில் இருந்த தண்ணீர் 15,000 ஏக்கருக்கு மட்டுமே போதும் என்று பொறியியலாளர்கள் கணக்கிட்டார்கள். இடதுகரையில் இருந்ததோ 65,000 ஏக்கர். விவசாயிகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லோருக்கும் பகிர்வது என்று முடிவு செய்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மேலேயிருந்த சிங்கள விவசாயிகளின் வயல்களைத் தாண்டித் தண்ணீர் கீழே வந்தது. அந்தப் போகம் வழமையைவிட நல்ல விளைச்சல் கிடைத்தது. அந்தப் பிரதிநிதிகளுக்குச் சம்பளம் இல்லை, நியமனக் கடிதமும் இல்லை.