பழைய பங்குப் பத்திரத்துக்கு இன்று பொறுப்பாளர் யார்? பதிவாளரைக் கண்டறியும் வழி

மும்பை: வீட்டு அலமாரியில் கிடைத்த பழைய பங்குப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதில் அச்சிடப்பட்டுள்ள முகவரிக்குக் கடிதம் எழுதுவோருக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. நிறுவனத்தின் பெயர் மாறியிருக்கலாம், வேறொரு நிறுவனத்துடன் அது இணைந்திருக்கலாம், பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும் முகவரும் மாறியிருக்கலாம்.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குதாரர் பெயர், முகவரி, கையொப்பம், ஈவுத்தொகை விவரம் ஆகியவற்றைப் பொதுவாகப் பராமரிப்பவர், 'பதிவாளர் மற்றும் பங்குப் பரிமாற்ற முகவர்' என அழைக்கப்படுகிறார். இவர் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியிடம் பதிவு பெற்றவர். பங்குகளை மீட்க விரும்புவோர் முதலில் அணுக வேண்டியது இவரைத்தான்.

இந்தியன் பெட்ரோகெமிக்கல்ஸ் கார்ப்பரேஷன் (ஐபிசிஎல்) நிறுவனத்தின் 100 பங்குகளுக்கான பத்திரம் ஒருவரிடம் இருப்பதாகக் கொள்வோம். பங்குச் சந்தை இணையதளங்களில் இப்போது அந்தப் பெயரில் வர்த்தகமாகும் பங்கு இல்லை. ஆனால், பங்கு மதிப்பிழந்துவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. ஐபிசிஎல் 2007-இல் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. 5 ஐபிசிஎல் பங்குகளுக்கு 1 ரிலையன்ஸ் பங்கு என்ற விகிதத்தில் 100 பங்குகள் 20 ஆயின. ரிலையன்ஸ் 2009, 2017, 2024 ஆகிய ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று என போனஸ் பங்குகள் வழங்கியதால் அந்த 20 பங்குகள் முறையே 40, 80, 160 என உயர்ந்தன. இடையே 2023-இல் ஜியோ ஃபைனான்ஷியல் சர்வீசஸ் தனியாகப் பிரிக்கப்பட்டபோது, அன்றிருந்த 80 பங்குகளுக்கு அந்நிறுவனத்தின் 80 பங்குகளும் சேர்ந்தன. பலர் இதைக் கேட்கத் தவறிவிடுகின்றனர்.

அடுத்து, தற்போதைய நிறுவனத்தின் பதிவாளரைக் கண்டறிய வேண்டும். இதற்கு நம்பகமான ஆவணம் அந்நிறுவனத்தின் அண்மைய ஆண்டறிக்கை. அதில் பங்குதாரர்களுக்கான பொதுத் தகவல் பகுதியில் பதிவாளரின் பெயரும் முகவரியும் இருக்கும். நிறுவன இணையதளத்தின் முதலீட்டாளர் பக்கத்திலும் பார்க்கலாம். ரிலையன்ஸின் பதிவாளர் ஹைதராபாதில் உள்ள கேஃபின் டெக்னாலஜீஸ். பழைய கடிதங்களில் 'கார்வி' என்று இருந்தால் அதுவும் இந்த நிறுவனமே. பெயர் மாறியுள்ளது. பங்குத் தரகில் ஈடுபட்டு முடங்கிய கார்வி நிறுவனத்துடன் இதைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. இதேபோல், 'லிங்க் இன்டைம்' இன்று 'எம்யுஎஃப்ஜி இன்டைம்' என்ற பெயரில் இயங்குகிறது.

பதிவாளருக்கு எழுதும் கடிதத்தில் ஃபோலியோ எண், பத்திர எண், பங்குகளின் தொடர் எண்கள், பங்குதாரரின் பெயர், அன்றைய முகவரி ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். இணைப்புக்குப் பின் ஃபோலியோ எண் மாறியிருக்கக்கூடும். எனவே 'ஃபோலியோ இல்லை' என்று பதில் வந்தால் அத்துடன் விட்டுவிடக் கூடாது. பெயரையும் பழைய முகவரியையும் கொண்டு தேடுமாறு மீண்டும் எழுத்துமூலம் கேட்க வேண்டும். அசல் பத்திரத்தை இந்தக் கட்டத்தில் அனுப்ப வேண்டாம், நகல் போதும்.

பதிவாளரின் பதிலில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பங்குகள் இப்போது எங்கே உள்ளன என்பதே. தொடர்ந்து 7 ஆண்டுகள் ஈவுத்தொகை பெறப்படாவிட்டால், அந்தத் தொகையும் பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்படும். இதனை iepf.gov.in தளத்திலும் தேடிப் பார்க்கலாம்.

பங்குகள் நிறுவனத்திடமே இருந்தால், ஐஎஸ்ஆர்-1 படிவத்தில் பான், முகவரி, வங்கிக் கணக்கு விவரங்களை அளிக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கையொப்பத்துடன் இன்றைய கையொப்பம் பொருந்தாமல் போவது வழக்கமான சிக்கல். வங்கி சான்றளிக்கும் ஐஎஸ்ஆர்-2 படிவம் அதற்கானது. பங்குதாரர் இறந்திருந்தால், வாரிசுகள் தங்கள் பெயருக்கு மாற்ற முதலில் விண்ணப்பிக்க வேண்டும். பங்குகள் இறுதியில் டீமேட் கணக்கிலேயே வரவு வைக்கப்படும் என்பதால் அக்கணக்கைத் தொடங்கிவிடுவது நல்லது.

பங்குகள் நிதியத்துக்குச் சென்றிருந்தாலும் பாதை பதிவாளரிடமிருந்தே தொடங்குகிறது. ஆவணங்களைச் சரிபார்த்து உரிமைக் கடிதம் வழங்கப்பட்ட பின்னரே ஐஇபிஎஃப்-5 படிவத்தை இணையவழியில் தாக்கல் செய்ய வேண்டும். அதன் நகலையும் அசல் ஆவணங்களையும் நிறுவனத்தின் தொடர்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அவர் அளிக்கும் சரிபார்ப்பு அறிக்கையின் அடிப்படையில் நிதியம் முடிவெடுக்கும். பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம்.

இந்தப் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. மீட்கும் தொகையில் பங்கு கேட்கும் இடைத்தரகர்கள் செய்வதும் பெரும்பாலும் இதே கடிதப் போக்குவரத்துதான். பதிவாளர் பதிலளிக்காவிட்டால், செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் அந்நிறுவனத்தின் மீது புகார் பதியலாம். ஏற்கெனவே அனுப்பிய கடிதத்தின் நகலும் அஞ்சல் ரசீதும் அப்போது தேவைப்படும்.