மயிரிழையில் தப்பும் பார்வை

மேலைச் சோதிடத்தில் பார்வை என்பது ராசியை மட்டும் வைத்துச் சொல்வதல்ல. இரண்டு கிரகங்களுக்கு இடையே 60, 90, 120, 180 என்று குறிப்பிட்ட பாகைகள் இருக்க வேண்டும்; ஒரே பாகையில் கூடினால் சேர்க்கை. அளவு கச்சிதமாக அமைவது அபூர்வம் என்பதால் சில பாகைகள் கூடக்குறைய இருக்க இடம் தருகிறார்கள். அந்தச் சலுகைக்கு 'ஆர்ப்' என்று பெயர். நம் ஊரில் வருடபலன் கணிக்கும் தாஜிக முறையில் இதுவே தீப்தாம்சம்.

1647-இல் வெளிவந்த வில்லியம் லில்லியின் பிரசன்ன நூலில் சந்திரனுக்கு 12 பாகை, சனிக்கு 9. இரண்டிலும் பாதி எடுத்துக் கூட்டினால் வரும் பத்தரைப் பாகைதான் அந்த இருவருக்குமான எல்லை. லில்லி இன்னொரு பட்டியலும் தந்து, எது நினைவுக்கு வருகிறதோ அதைப் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறார். எல்லைக்கோடு அவ்வளவு இளக்கமானது.

கடகம் 13-இல் சனி, மேஷம் 10-இல் சந்திரன் என்று கொள்வோம். 90 பாகைப் பார்வை முழுமையாக இன்னும் 3 பாகை வேண்டும். வேகமாக ஓடும் சந்திரன் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் அதை எட்டிவிடும். இது நெருங்கும் பார்வை, தாஜிகத்தில் இத்தசாலம். கேட்ட காரியம் இனி நடக்கும் என்பது பலன். சந்திரன் 16-இல் இருந்தாலும் இடைவெளி அதே 3 பாகைதான். ஆனால் அது விலகும் பார்வை, ஈசராபம். காரியம் நடந்து முடிந்துவிட்டது என்று படிப்பார்கள்.

சந்திரன் மேஷம் 2-இல் நின்றால்? இடைவெளி 11, எல்லையை அரைப் பாகை தாண்டுகிறது. இதற்காக அதைத் தள்ளிவிடுவது சரியல்ல. இடையில் வேறு கிரகத்தைத் தொடாமல், ராசியும் மாறாமல், ஒரு நாளுக்குள் சந்திரன் சனியின் பாகையை எட்டுமானால் தாமதமான பலனாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறானதும் உண்டு. குரு சிம்மம் 26-இல் இருக்க, 24-இல் உள்ள புதன் அதை நெருங்கி, 25-இல் வக்கிரமாகித் திரும்பிவிடுகிறது. ஒரு பாகைதான் பாக்கி. ஆனாலும் சேர்க்கை நிகழவில்லை, பலனும் இல்லை. பிரசன்னத்தில் கண்டிப்பு காட்ட வேண்டியது இந்த நிறைவேற்றத்தில்தான். அதைப் பார்க்கப் பஞ்சாங்கத்தில் அடுத்த சில நாட்களின் கிரக நிலையைப் புரட்டினால் போதும்.

ஜாதகத்தில் நிலைமை வேறு. அங்கே ஆர்ப் அளவே கையில் உள்ள ஒரே அளவுகோல் போல ஆகிவிடுகிறது. ஐந்து பார்வைகளுக்கும் இருபுறமும் 10 பாகை விட்டால் வட்டத்தின் 360-இல் 160 பாகை பார்வைக்குள் வந்துவிடும்; எந்த இரு கிரகத்தை எடுத்தாலும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி தொடர்பு கிடைக்கும். 3 பாகையாகச் சுருக்கினால் 48-தான் மிஞ்சும். ஜாதகத்தில் எல்லையோரத்தில் நிற்கும் பார்வையை எண்ணாமல் விடுவதே நல்லது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.