இறுக்கிப் பிடித்தால் குறி தவறும்

ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிளில் டிரிகரை இழுத்ததும் பெல்லட் கிளம்பிவிடுவதில்லை. குழலை மடக்கும்போது பின்னுக்குத் தள்ளப்பட்டு, அமுங்கிக் கிடந்த கனத்த சுருள்வில் முதலில் விடுபடுகிறது. அது பிஸ்டனை முன்னோக்கித் தள்ள, பிஸ்டன் தனக்கு முன்னால் உள்ள காற்றை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று சிறு துளை வழியே பாய்ந்து பெல்லட்டைத் தள்ளுவது, பிஸ்டன் ஓட்டத்தின் கடைசியில்தான். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 10 மில்லி விநாடியில் முடிந்துவிடும். ஆனால் பெல்லட் குழலைவிட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. தொல்லை முழுவதும் இங்கேதான் பிறக்கிறது.

பிஸ்டனும் ஸ்பிரிங்கின் நகரும் பகுதியும் சேர்ந்து 300 கிராம், துப்பாக்கியின் மொத்த எடை 3.5 கிலோ, பிஸ்டன் ஓடும் தூரம் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கியின் உடல் பின்னால் போக வேண்டும். யாரும் தடுக்காவிட்டால் அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் பின்னே நகரும். அடுத்து, நெருங்கிய காற்று மெத்தைபோல் பிஸ்டனைத் தடுத்துப் பின்னே எற்றுகிறது. துப்பாக்கி இப்போது முன்னால் துள்ளுகிறது. முதலில் பின்னே, உடனே முன்னே என்ற இந்த இரட்டை உதைப்பு வெடிமருந்துத் துப்பாக்கியில் கிடையாது. அதற்குப் பழகியவர்கள் ஏர் ரைஃபிளைக் கையில் எடுத்ததும் தடுமாறுவது இதனால்தான்.

இந்த அசைவைக் கைபலத்தால் அடக்கிவிடலாம் என்று தோன்றும். அடக்க முடியாது, திசைதிருப்பத்தான் முடியும். இறுகிய விரல்களும் தோளும் துப்பாக்கியை ஒரு பக்கமாகத் தடுக்க, குழலின் நுனி மேலோ பக்கவாட்டிலோ சாய்கிறது. அரை மீட்டர் நீளமுள்ள குழலின் நுனி அரை மில்லிமீட்டர் விலகினால் போதும், 25 மீட்டர் தொலைவில் பெல்லட் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி விழும். இதைவிடப் பெரிய சிக்கல், தசையின் இறுக்கம் ஒவ்வொரு முறையும் மாறுவது. ஒரே அளவில் தவறினால் சைட்டைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் தவறுவதற்கு மருந்தில்லை.

ஆகவே துப்பாக்கியை அதன் போக்கில் நகரவிட வேண்டும். அந்த நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அமெரிக்க ஏர்கன் எழுத்தாளர் டாம் கேலார்ட் 'பீரங்கிப் பிடி' என்ற பெயரால் பரப்பிய முறை இதுதான். 1897இல் வந்த பிரெஞ்சு 75 மில்லிமீட்டர் பீரங்கியில், சக்கர வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, குழல் மட்டும் பின்னே சறுக்கி மீண்டும் தன் இடத்துக்கு வரும். இங்கே அந்த வண்டியின் வேலையைச் சுடுபவரின் உடல் செய்கிறது.

முன்கையின் உள்ளங்கையை விரித்து, டிரிகர் காப்புக்குச் சற்று முன்னால் மரக்கட்டையைக் கிடத்த வேண்டும். விரல்கள் கட்டையைச் சுற்றி வளைக்கவே கூடாது. தட்டில் கிடக்கும் பொருள்போல் அது உள்ளங்கையில் கிடக்கட்டும். பின்கை பிடியை லேசாகத் தொட்டால் போதும். கட்டைவிரலை மறுபக்கம் போட்டு அழுத்தாமல் ஓரமாக வைப்பது நல்லது. தோளும் கன்னமும் படட்டும், அழுத்த வேண்டாம். அடுத்த படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குறிவைத்தபின் கண்ணை மூடி, உடலைத் தளர்த்தி, மறுபடி திறந்து பார்க்க வேண்டும். குறி விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்தாமல், உட்காரும் நிலையை மாற்ற வேண்டும். கையால் இழுத்த துப்பாக்கி, டிரிகர் விடுபட்டதும் பழைய பக்கத்துக்கே திரும்பும்.

மணல்மூட்டைமேல் துப்பாக்கியை நேராக வைத்தாலும் பெரும்பாலும் குறி சிதறும். மூட்டைமேல் கையை வைத்து, கைமேல் துப்பாக்கியைக் கிடத்துவதே வழக்கம். உள்ளங்கை வைக்கும் இடமும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ஒரே பெல்லட்டில் ஐந்து குண்டுகள் சுட்டு, கையை இரண்டு விரற்கடை முன்னே நகர்த்தி இன்னொரு ஐந்து சுட்டுப் பார்த்தால், துளைகள் எங்கே நெருங்கிக் கூடுகின்றன என்று அட்டையே காட்டிவிடும். அந்த இடத்தில் கட்டையில் சிறு நாடா ஒட்டிக்கொள்பவர்கள் உண்டு.

எவ்வளவு மென்மையாகப் பிடித்தும் துளைகள் சிதறினால், பிடியைக் குறைசொல்லும் முன் மரக்கட்டைத் திருகுகளையும் தொலைநோக்கியின் கவ்விகளையும் பார்க்க வேண்டும். இரட்டை உதைப்பு இவற்றைச் சீக்கிரம் தளர்த்திவிடும். ஏர்கனுக்கென்று செய்யப்படாத தொலைநோக்கியை உடைத்தும் விடும்.

இந்தக் கவனம் எல்லா ஏர் ரைஃபிளுக்கும் தேவையில்லை. முன்கூட்டியே காற்று அடைத்த வகையில் கனத்த பிஸ்டனே இல்லை. ஃபைன்வெர்க்பாவ் 300எஸ், டயானா 54 ஆகிய ஸ்பிரிங் துப்பாக்கிகளிலோ, குழலும் பிஸ்டன் பகுதியும் மரக்கட்டைக்குள் தண்டவாளத்தில் சறுக்குவதுபோல் பின்னே நகர்கின்றன. கட்டையைச் சற்று அழுத்திப் பிடித்தாலும், உள்ளே உதைப்பு தன் வழியில் ஓடி முடிந்துவிடுகிறது.