மஞ்சள் தூளில் ஈயம்: எந்தக் கருவியைக் கேட்பது?

மங்கிய மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் தர ஈய குரோமேட் பூசப்படுவதை, வங்கதேசத்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. இந்தியாவில் மஞ்சளில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஈயம் வரை அனுமதி உண்டு. ஈய குரோமேட் அறவே கூடாது. ஒரு கடையின் தூளில் இதைக் கண்டறிய இரண்டு கருவிகள் உதவும்.

இரண்டுக்குமே தூளைக் கரைசலாக்க வேண்டும். அரை கிராம் தூளை மூடிய டெஃப்லான் குப்பியில் இட்டு, அடர் நைட்ரிக் அமிலமும் சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, மைக்ரோவேவில் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள். மாவுச்சத்தும் எண்ணெயும் சிதைந்து உலோகங்கள் கரைசலில் தங்கும். நன்றாக ஆறிய பிறகே குப்பியைத் திறக்க வேண்டும். இங்கே கந்தக அமிலம் உதவாது. ஈயம் சல்பேட்டாகப் படிந்து கணக்கிலிருந்து நழுவிவிடும்.

கரைசலை 50 மில்லிலிட்டராக்கினால் தூளில் இருந்தது நூறு மடங்கு நீர்க்கும். சட்ட வரம்பான 10 மில்லிகிராம், லிட்டருக்கு 0.1 மில்லிகிராமாகச் சுருங்கும்.

அணு உட்கவர் கருவியில் ஈயத்துக்கென்றே ஒரு விளக்கு எரியும். அசிட்டிலீன் சுடரில் உள்ள ஈய அணுக்கள் அதன் ஒளியை எவ்வளவு விழுங்குகின்றன என்று அது அளக்கும். விலை குறைவு, இயக்குவதும் எளிது. ஆனால் 0.1 மில்லிகிராம் அளவில் சுடர் தடுமாறும். கிராஃபைட் உலை பொருத்தினால் அதைவிட மிகக் குறைந்த அளவையும் நம்பி அளக்கலாம்; ஒவ்வொரு அளவீட்டுக்கும் சில நிமிடங்கள் பிடிக்கும்.

பிளாஸ்மா உமிழ்வுக் கருவியில் ஆர்கான் வாயு பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறும். அணுக்கள் தாமே ஒளிவிட, பல உலோகங்களை ஒரே ஓட்டத்தில் படிக்கலாம். ஆர்கான் செலவு அதிகம். மஞ்சளோடு வந்த மண்ணில் அலுமினியம் மிகுந்தால், ஈயத்தின் 220.353 நானோமீட்டர் கோட்டருகே பின்னணி உயர்ந்து அளவைக் கெடுக்கும். அதைத் திருத்தியாக வேண்டும்.

எந்தக் கருவியானாலும், தூள் இல்லாமல் அமிலம் மட்டும் செரித்த குப்பி ஒன்றும், தெரிந்த அளவு ஈயம் முன்பே சேர்த்த குப்பி ஒன்றும் கூடவே ஓட வேண்டும். முதலாவதில் ஈயம் தெரிந்தால் அமிலத்திலோ பாத்திரத்திலோ அழுக்கு. சேர்த்தது இரண்டாவதில் முழுதாகத் திரும்பாவிட்டால் செரிமானத்திலோ அளவீட்டிலோ குறை.

ஈயத்தின் அளவு மட்டும் போதுமென்றால், மாதிரிகள் சிலவே இருக்கும்போது கிராஃபைட் உலையே சிக்கனம். ஈயம் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வியானால், குரோமியத்தையும் சேர்த்துக் காட்டும் பிளாஸ்மா கைகொடுக்கும். ஈய குரோமேட்டில் எடைப்படி ஈயம் நான்கு பங்கு, குரோமியம் ஒரு பங்கு. கரைசலில் ஈயம் 0.30, குரோமியம் 0.075 மில்லிகிராம் என்று வந்தால், தூளில் கிலோவுக்கு 30-உம் 7.5-உம். வரம்பு மீறியதோடு, விகிதமும் சாயத்தையே சுட்டுகிறது. அதே 30 மில்லிகிராம் ஈயத்தோடு குரோமியம் வெகு குறைவாக இருந்தால், அதிகாரி சாயக் கடையை விட்டு வயலின் மண்ணையும் அரவை ஆலையையும் சோதிக்கப் போக வேண்டியிருக்கும்.