எதில் இருபது சதவீதம்?

ஆடித் தள்ளுபடியில் வாங்கிய சுடிதாரின் விலைச்சீட்டையும் பில்லையும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கொண்டுவந்தாள். சீட்டில் விலை 1200 ரூபாய். அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கரில் ‘50% + 20% தள்ளுபடி’ என்று இருந்தது.

“ஐம்பதும் இருபதும் எழுபது. அப்போ 360 ரூபாய்தானே சார் வரணும்? பில்லுல 480 போட்டிருக்காங்க!”

பில் சரிதான். 1200-இல் பாதி போனால் 600. அடுத்த இருபது சதவீதம் பழைய 1200-க்கு அல்ல, மிச்சமிருக்கும் 600-க்கு. அது 120 ரூபாய். 600-இல் 120 போக 480. மொத்தக் கழிவு 720 ரூபாய், அதாவது 60 சதவீதம். வரிசையை மாற்றி முதலில் இருபதைக் கழித்தாலும் 960, பிறகு அதில் பாதி, அதே 480. ஆனால் இரண்டையும் கூட்டி எழுபது ஆக்கக் கூடாது. இரண்டும் ஒரே தொகையின் சதவீதங்கள் அல்ல.

அடுத்து விலைச்சீட்டை மறைத்துவிட்டுக் கேட்டேன்: “60 சதவீதம் தள்ளுபடி போக 480 கொடுத்தாய். பழைய விலை என்ன?” 480-இல் 60 சதவீதம் 288 என்று கண்டு, அதைக் கூட்டி 768 என்றாள். பெரும்பாலான பிள்ளைகள் வழுக்கும் இடம் இது. விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் தவறு தெரிந்துவிடும்: 768-இல் 60 சதவீதம் கழித்தால் 307 ரூபாய் 20 காசுதான் வருகிறது, 480 வரவில்லை.

இங்கே கைகொடுப்பது விகிதம். பழைய விலையை 100 பங்காக வைத்துக்கொள்வோம். தள்ளுபடியில் 60 பங்கு போய்விட்டது. கொடுத்தது 40 பங்கு, அதன் மதிப்பு 480. ஒரு பங்கு 12 ரூபாய். ஆகவே 100 பங்கு 1200.

வரி உட்பட்ட விலைக்கும் இதே வழிதான். 5 சதவீத ஜிஎஸ்டி உட்பட 525 ரூபாய் என்று ஒரு பில் இருந்தால், அதில் வரி எவ்வளவு? 525-இல் 5 சதவீதம் கண்டால் 26 ரூபாய் 25 காசு வரும். பில்லிலோ சிஜிஎஸ்டி 12.50, எஸ்ஜிஎஸ்டி 12.50, ஆக 25 ரூபாய் என்றிருக்கும். காரணம், வரி போட்டது அடிப்படை விலைக்கு. அது 100 பங்கு என்றால் வரி 5 பங்கு. 105 பங்கு 525 ரூபாய், ஒரு பங்கு 5 ரூபாய், வரி 25 ரூபாய்.

இப்போது அந்த மாணவி, கணக்கில் சதவீதக் குறி வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ‘எதில்?’ என்று எழுதி, அந்தத் தொகையைப் பக்கத்தில் குறித்த பிறகே பெருக்கத் தொடங்குகிறாள்.