ஒன்றரை அங்குல வாட்டம்

மாட்டுக் கொட்டகை கட்டும்போது கையிலிருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் கூரைக்கே போய்விடுகிறது. மிச்சத்தில்தான் தரை போடுகிறார்கள். ஆனால் மாடு படுத்தெழுவது தரையில். அங்கே மூத்திரம் தேங்கினால் குளம்பு ஊறிப் புண்ணாகும், மடிநோயும் எளிதில் தொற்றும். அதனால் செலவுக் கணக்கைத் தரையிலிருந்து தொடங்குவதே நல்லது.

நான்கு கலப்பினக் கறவை மாடுகளுக்கு ஒரே வரிசைக் கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாடு நிற்க ஐந்தரை அடி நீளம், நான்கடி அகலம் வேண்டும். முன்னால் இரண்டடியில் தீவனத் தொட்டி, பின்னால் ஓரடியில் வாய்க்கால், அதை ஒட்டி ஆள் நடக்க மூன்றடி. மொத்தம் 16 அடிக்குப் பதினொன்றரை அடி. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால், காலை, மாலை வெயில் குறுகிய பக்கத்தில் மட்டுமே படும்.

கொத்தனாரிடம் கறாராகச் சொல்லவேண்டியது வாட்டம். தொட்டி ஓரத்திலிருந்து வாய்க்கால் வரை, அந்த ஐந்தரை அடிக்குள் தரை ஒன்றரை அங்குலம் இறங்கினால் போதும். கண்மட்டத்தில் விடாமல் தண்ணீர் டியூப் பிடித்து நூல் கட்டச் சொல்லவேண்டும். சீக்கிரம் வடியட்டும் என்று நான்கு, ஐந்து அங்குலம் இறக்கிவிட்டால், பின்னங்கால் தாழ்ந்தே நிற்கும் சினைமாட்டுக்கு அடி தள்ளும் அபாயம் கூடும். வாய்க்காலுக்கும் 16 அடி நீளத்தில் மூன்று அங்குல இறக்கம் கொடுத்து, அடிப்பகுதியை வளைவாகப் பூசினால் விளக்குமாறு முழுதாக ஓடும்.

சிமெண்டை வழவழப்பாகத் தேய்க்கவே கூடாது; மாடு வழுக்கி விழும். கான்கிரீட் இறுகுமுன் தென்னந்துடைப்பத்தால் வாய்க்காலை நோக்கி இழுத்துவிட்டால் குளம்புக்குப் பிடி கிடைக்கும். தரை நன்றாக இறுகியதும் தொட்டி ஓரத்தில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவேண்டும். எங்காவது குட்டை நின்றால் மாட்டைக் கட்டுவதற்கு முன்பே சரிசெய்தாக வேண்டும்.

காற்றுக்குச் செலவில்லை. சுவர் மூன்றடிக்கு மேல் எழும்பாமல், தாழ்ந்த ஓரத்தில் எட்டடி, முகட்டில் 12 அடி உயரம் இருந்து, முகட்டில் சூடு வெளியேற மூடியோடு ஓர் இடைவெளியும் விட்டால் போதும். விடியற்காலையில் மாட்டின் மூக்கு உயரத்தில் குந்தி உட்கார்ந்தால் காற்றோட்டம் எப்படி என்று தெரிந்துவிடும். கண் எரிந்தால் அமோனியா வெளியேறவில்லை. மழைக்காகக் கட்டிய தார்ப்பாய் பல இடங்களில் அப்படியே கிடப்பதுதான் காரணம்.

கூரையில் கீற்றுதான் குளிர்ச்சி. ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். துத்தநாகம் பூசிய தகரம் நெடுநாள் வரும், வெயிலில் கொதிக்கும். கோடைக்கு முன் மேற்புறம் வெள்ளையடித்து, மேலே தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டினால் உள்ளே மாடு வாய்பிளந்து மூச்சு வாங்காது. போல்ட்டை நெளிவின் மேட்டில், ரப்பர் வாஷர் வைத்து இறுக்கவேண்டும். பள்ளத்தில் துளைத்தால் முதல் மழைக்கே ஒழுகும். இரும்புத் தூண்களை ஓரடி உயரக் கான்கிரீட் மேடையில் நிறுத்தவேண்டும். மூத்திரம் படும் தரையில் ஊன்றினால், கூரை நன்றாக இருக்கும்போதே தூணின் அடி துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.