ஒரே எண்ணில் ஊரே பணம் கட்டினால்?

பினாங்குப் பாலத்தில் ஒரு கார் விபத்து. அதன் பதிவெண் 4758 என்று வைத்துக்கொள்வோம். மாலைக்குள் ஜோர்ஜ்டவுன் சாப்பாட்டுக் கடைகளில் அந்த எண் பேச்சாகிவிடும். "இன்றைக்கு இதை எழுதலாமே!" என்பார்கள். மாணவர்களே, நாலு நம்பர் குலுக்கலின் கணக்கு சுவாரஸ்யமாவது இந்த இடத்தில்தான்.

0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். உரிமம் பெற்ற மேக்னம், ஸ்போர்ட்ஸ் தோத்தோ, டா மா சாய் நிறுவனங்கள் புதன், சனி, ஞாயிறுகளில் குலுக்கல் நடத்துகின்றன. ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. 'பிக்' வகையில் ஒரு ரிங்கிட் கட்டினால் முதல் பரிசு 2,500 ரிங்கிட், இரண்டாவது 1,000, மூன்றாவது 500. பத்துச் சிறப்புப் பரிசுகள் தலா 180, பத்து ஆறுதல் பரிசுகள் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. அதை 10,000ஆல் வகுத்தால் 0.64. அதாவது, கட்டும் ஒவ்வொரு ரிங்கிட்டிலும் சராசரியாக 64 சென்தான் திரும்பி வரும்.

இதே முடிவுகளை வைத்துச் சட்டவிரோதமாகப் பந்தயம் பிடிப்பவர்கள் உண்டு. அவர்களைப் 'புக்கி' என்பார்கள். புக்கி தனியாகக் குலுக்கல் நடத்துவதில்லை. நிறுவனத்தின் முடிவு வந்ததும், தன்னிடம் கட்டியவர்களுக்குத் தன் பணத்திலிருந்தே கொடுக்கிறார்.

ஒரு புக்கியிடம் ஒரு குலுக்கலுக்கு 50,000 ரிங்கிட் சேருகிறது என்போம். எல்லா எண்களிலும் சமமாக, எண்ணுக்கு 5 ரிங்கிட் விழுந்திருந்தால் அவருக்குக் கவலையே இல்லை. எந்த எண் வந்தாலும் அவர் கொடுக்க வேண்டியது 6,400 x 5 = 32,000 ரிங்கிட். மீதி 18,000 அவருக்கு. குலுக்கலே அவருக்கு ஒரு பொருட்டல்ல.

ஆனால் மக்கள் சமமாகக் கட்டுவதில்லை. 4758இல் மட்டும் 100 ரிங்கிட் சேர்ந்து, அதுவே முதல் பரிசு எண்ணாகவும் வந்துவிட்டால்? அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் 2,50,000 ரிங்கிட் கொடுக்க வேண்டும். மற்றப் பரிசுகளுக்குச் சுமார் 19,500. கையிலிருப்பதோ 50,000.

இப்படி நடக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதானே எனத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு குலுக்கலிலும் இப்படிக் கூட்டம் மொய்க்கும் எண்கள் 20 இருந்தால் வாய்ப்பு 500இல் ஒன்றாகிவிடும். வாரத்திற்கு மூன்று குலுக்கல் என்றால், சராசரியாக மூன்றே கால் ஆண்டுக்கு ஒருமுறை அவர் கவிழ்ந்துபோவார்.

அதனால்தான் உச்சவரம்பு. ஓர் எண்ணுக்கு 10 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று வைத்தால், அந்த எண்ணின் முதல் பரிசு 25,000. மற்றவற்றோடு சேர்த்து 44,500. இது 50,000க்குள் அடங்கிவிடும்.

உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஓர் எண்ணில் விற்பனை வரம்பை எட்டியதும், அந்த எண் 'விற்றுத் தீர்ந்தது' என்று அறிவித்து மேலும் விற்பதை நிறுத்திவிடுவார்கள். அதாவது, பணம் கட்டுவதற்கு முன்பே மறுத்துவிடுவார்கள். டிக்கெட் கைக்கு வந்துவிட்டால் பரிசு விகிதம் அதில் உறுதி.

புக்கி வேறு வழியிலும் வரம்பு வைக்கலாம். எல்லோரிடமும் பணத்தை வாங்கிக்கொண்டு, "ஓர் எண்ணுக்கு மொத்தம் இவ்வளவுதான் கொடுப்பேன், பங்கு போட்டுக்கொள்ளுங்கள்" என்பது அந்த வழி. நம் எடுத்துக்காட்டில் அந்த வரம்பு 1,00,000 என்றால், 4758இல் கட்டிய ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் முதல் பரிசு 2,500இலிருந்து 1,000ஆகக் குறைகிறது. 64 சென்னில் முதல் பரிசின் பங்கு 25 சென். அது 10 சென்னாகச் சுருங்கும். மொத்தம் 49 சென். ரிங்கிட்டுக்கு 10 சென் கழிவு தருவதாகப் புக்கி ஆசை காட்டியிருந்தாலும், இழந்தது 15 சென்.

வரம்புக்குட்பட்ட பணத்தைக்கூட அவர் கொடுக்காமல் போனால்? பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் 1953இன்படி இப்படிப் பந்தயம் பிடிப்பது குற்றம், அவரிடம் கட்டுவதும் குற்றம். பந்தய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதால், வழக்குப் போட்டு வாங்கவும் வழியில்லை. ஜெயித்தவரின் கையில் இருப்பது வெறும் வாய்வார்த்தை.

விபத்து எண்ணுக்கு மீண்டும் வருவோம். குலுக்கல் பந்துகளுக்குப் பாலத்தில் நடந்தது தெரியாது. 4758 வரும் வாய்ப்பு 0316 வரும் வாய்ப்பைவிட இம்மியளவும் கூடுதலில்லை. ஆனால் வரம்பில் முதலில் இடிப்பது, ஊரே கட்டிய அந்த 4758தான்.